அன்லாக் நாளும் அப்கிரேடு நேரமும்: கேப்புக்கு ஏற்ற அளவில் வணிகம்

கிரிப்டோ சந்தையில் பெரும்பாலான செய்திகள் சொல்லாமல் வருகின்றன. இரண்டு மட்டும் நாள் குறித்துவிட்டு வருகின்றன. முதலாவது டோக்கன் அன்லாக்: நிறுவனர்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் ஒதுக்கிப் பூட்டி வைத்த டோக்கன்கள் விற்பனைக்கு விடுபடும் நாள். இரண்டாவது அப்கிரேடு: ஒரு நெட்வொர்க்கின் மென்பொருள் புதிய விதிகளுக்கு மாறும் நேரம். நாள் தெரிந்துவிட்டதால் பாதி வேலை முடிந்ததுபோல் தோன்றும். அன்லாக் என்றால் விலை இறங்கும், ஷார்ட் அடிக்கலாம். அப்கிரேடு என்றால் ஏறும், வாங்கிவைக்கலாம் என்று மனம் கணக்குப் போடும். இந்த அத்தியாயம் அந்தக் கணக்கை மறுக்கிறது. உங்களுக்குத் தெரிந்த தேதி எதிரில் நிற்பவருக்கும் தெரியும். அதனால் திசையில் உங்களுக்குத் தனி லாபம் எதுவும் இல்லை. உங்கள் கையில் முழுமையாக இருப்பது எவ்வளவு பணத்தை வைக்கிறீர்கள் என்பது மட்டுமே. அந்த அளவை ஸ்டாப் லாஸ் தூரத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. விலை ஒரே மூச்சில் தாண்டக்கூடிய கேப்பை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

பங்குச் சந்தையில் கேப் என்றால் நேற்றைய முடிவு விலைக்கும் இன்றைய தொடக்க விலைக்கும் நடுவே உள்ள வெற்றிடம். கிரிப்டோ சந்தை 24 மணி நேரமும் திறந்திருப்பதால் அப்படிப்பட்ட கேப் இங்கே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். இருக்கிறது, ஆனால் வேறு காரணத்தால் உண்டாகிறது. செய்தி வரும் நொடியில் ஆர்டர் புக்கில் நின்றவர்கள் தங்கள் ஆர்டர்களை உருவிக்கொள்கிறார்கள். புக் காலியாகிறது. அடுத்து வரும் மார்க்கெட் ஆர்டர் பல படிகளைத் தாண்டி எங்கோ போய் நிறைவேறுகிறது. சார்ட்டில் அது நீளமான ஒற்றை மெழுகுவர்த்தியாகத் தெரியும். உங்கள் ஸ்டாப் லாஸ் அந்த மெழுகுவர்த்தியின் நடுவில் இருந்திருந்தால், அந்த விலையில் உங்களுக்கு எதிர்த்தரப்பு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

தேதி தெரிந்தும் திசை தெரிவதில்லை

எத்தீரியத்தின் கடந்த சில அப்கிரேடுகளை வரிசையாகப் பாருங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மெர்ஜ் நடந்தது. தொழில்நுட்ப ரீதியில் ஒரு பிசகும் இல்லை. அதற்கு முந்தைய மாதங்களில் ஈதர் ஏறக்குறைய 1,000 டாலரிலிருந்து 2,000 வரை ஏறி இறங்கியிருந்தது. மெர்ஜ் வெற்றிகரமாக முடிந்த அன்றே 1,500 டாலருக்குக் கீழே விழுந்தது. 2023 ஏப்ரலில் ஷபெல்லா வந்தது. ஸ்டேக்கிங்கில் பூட்டியிருந்த சுமார் 1.8 கோடி ஈதரை எடுக்க வழி திறந்தபோது எல்லோரும் விற்றுத் தள்ளுவார்கள் என்ற பயம் வாரக்கணக்கில் பேசப்பட்டது. மறுநாள் விலை 2,000 டாலரைத் தாண்டியது. 2024 மார்ச் 13இல் டென்கன் நடந்தபோது ஈதர் 4,000 டாலரை ஒட்டி நின்றது. ஒரு வாரத்தில் 3,100 வட்டாரத்துக்கு வந்துவிட்டது. 2025 மே 7இல் பெக்ட்ரா. அப்போது 1,800 வட்டாரத்தில் இருந்த ஈதர் ஒரு வாரத்துக்குள் 2,400ஐத் தாண்டியது. அமெரிக்கா, பிரிட்டன் வர்த்தக உடன்பாட்டுச் செய்தியும் அதே நாட்களில் வந்திருந்தது.

நான்கு அப்கிரேடுகளும் தொழில்நுட்பத்தில் வெற்றி. இரண்டில் விலை இறங்கியது, இரண்டில் ஏறியது. இதிலிருந்து விதி எதையும் எடுக்க முடியாது. எடுக்கக்கூடிய ஒரே பாடம், நான்கிலும் நகர்வு பெரியது என்பதே. ஆகவே திசையில் பந்தயம் கட்டுவதைவிட, பெரிய நகர்வு எந்தப் பக்கம் வந்தாலும் தாங்குகிற அளவில் நிற்பதுதான் பொருத்தம்.

அன்லாக்கை வாசிக்கும் வரிசை

1. *தேதியை இரண்டு இடங்களில் சரிபாருங்கள்.* டோக்கனாமிஸ்ட், டீஃபைலாமா போன்ற தளங்கள் அட்டவணை தருகின்றன. அவை தொகுத்தவை; மூலம் அல்ல. திட்டத்தின் சொந்த ஆவணத்தையும், முடிந்தால் வெஸ்டிங் ஒப்பந்தத்தின் முகவரியையும் பாருங்கள். தேதி மாறக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். dYdX திட்டத்தில் 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் சுமார் 15 கோடி டோக்கன்கள் விடுபட இருந்தன. அதற்குச் சில நாட்கள் முன்பு, ஜனவரி இறுதியில், அதை டிசம்பர் 1க்குத் தள்ளிவைப்பதாக அறிவித்தார்கள். விலை மேலே பாய்ந்தது. அன்லாக்கை நம்பி ஷார்ட் வைத்திருந்தவர்களின் ஆய்வு முழுவதும் சரி. நிகழ்வுதான் இல்லாமல் போனது.

2. *எவ்வளவு என்பதை விகிதமாகப் பாருங்கள்.* டாலர் மதிப்பு கண்ணைக் கவரும். அதனால் பயன் குறைவு. விடுபடும் எண்ணிக்கையை ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள எண்ணிக்கையால் வகுங்கள். பிறகு அதை ஸ்பாட் சந்தையின் ஒரு நாள் சராசரி விற்றுமுதலோடு ஒப்பிடுங்கள். ஒரு நாள் விற்றுமுதலில் பாதிகூட வராத அன்லாக்கைத் தனி நிகழ்வாகக் கருதத் தேவையில்லை. பல நாள் விற்றுமுதலுக்குச் சமமென்றால் கவனிக்க வேண்டும்.

3. *யாருக்கு என்பதைப் பாருங்கள்.* குழுவுக்கும் ஆரம்ப முதலீட்டாளர்களுக்கும் போவதற்கும், திட்டத்தின் பொதுக் கருவூலத்துக்குப் போவதற்கும் வேறுபாடு உண்டு. கருவூலத்துக்குப் போவது பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். சில சென்ட்டுக்கு வாங்கிய முதலீட்டாளருக்குப் போவது, விலை பாதியானாலும் அவருக்கு லாபம் என்பதால், விற்பனைக்கு வர வாய்ப்பு அதிகம்.

> குறிப்பு: அட்டவணைத் தளங்கள் உலகப் பொது நேரத்தில் தேதி காட்டும். இந்திய, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டுங்கள். நள்ளிரவை ஒட்டிய நிகழ்வுகளில் நாள்காட்டித் தேதியே மாறிவிடும்.

ஆர்பிட்ரம், 2024 மார்ச்: ஒரு வழக்கைப் பிரித்துப் பார்ப்போம்

2024 மார்ச் மாதம் இந்தப் பாடத்துக்கு நல்ல களம். மார்ச் 13இல் டென்கன் அப்கிரேடு. ஆர்பிட்ரம் போன்ற இரண்டாம் அடுக்கு நெட்வொர்க்குகளின் கட்டணத்தைக் குறைக்கும் மாற்றம் என்பதால் ARB டோக்கனுக்கு நல்ல செய்தி. மூன்று நாள் கழித்து, மார்ச் 16இல், ஆர்பிட்ரத்தின் முதல் பெரிய அன்லாக். டோக்கனுக்குக் கெட்ட செய்தி. இரண்டும் பல மாதங்களாகத் தெரிந்தவை. விடுபட்டது சுமார் 111 கோடி ARB. அதில் 67.35 கோடி குழுவுக்கும் ஆலோசகர்களுக்கும், ஏறக்குறைய 43.8 கோடி முதலீட்டாளர்களுக்கும். அப்போது புழக்கத்தில் இருந்தது ஏறக்குறைய 127.5 கோடி. அதாவது ஒரே நாளில் புழக்கம் 87 சதவீதம் கூடியது. மேலே சொன்ன மூன்று சோதனைகளிலும் இது பெரிய அன்லாக்.

விலை என்ன செய்தது? மார்ச்சின் முதல் பாதியில் 2 டாலர் வட்டாரத்தில் நின்ற ARB, மாதத்தின் பிற்பகுதியில் அதற்குக் கணிசமாகக் கீழே வந்தது. ஏப்ரல் நடுவில் 1 டாலரை நெருங்கியது. இதைப் பார்த்ததும் அன்லாக் ஷார்ட் வேலை செய்தது என்று எழுதிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அதே மார்ச் 14இல் பிட்காயின் 73,000 டாலரைத் தாண்டிய உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரத்துக்குள் 61,000 வட்டாரத்துக்கு இறங்கியது. ஈதரின் சரிவை மேலே பார்த்தோம். ஏப்ரல் நடுவில் சந்தை முழுவதுமே அடிவாங்கியது. ARB இறக்கத்தில் அன்லாக்கின் பங்கு எவ்வளவு, பொதுச் சந்தையின் பங்கு எவ்வளவு என்பதை ஒரே சார்ட்டிலிருந்து சொல்ல முடியாது. ARB விலையை ஈதர் விலையால் வகுத்து அந்த விகிதத்தைப் பார்த்தால்தான் டோக்கனின் சொந்தப் பலவீனம் தெரியும். டிரேடிங்வியூ சார்ட்டில் இதற்குத் தனிக் கருவி வேண்டாம். குறியீட்டுப் பெட்டியில் இப்படித் தட்டினால் போதும்:

```
BINANCE:ARBUSDT/BINANCE:ETHUSDT
```

அந்த விகிதத்தை மாதம் முழுக்கப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, இறக்கம் எப்போது தொடங்கியது என்பது. பெரிய அன்லாக்குகளில் விற்பனை அந்த நாளுக்காகக் காத்திருப்பதில்லை. பூட்டிய டோக்கனை வைத்திருப்பவர் அதை விற்க முடியாது. ஆனால் அதே அளவுக்குப் பெர்பெச்சுவல் சந்தையில் ஷார்ட் எடுத்து இன்றைய விலையைப் பத்திரப்படுத்திக்கொள்ள முடியும். அன்லாக் ஆனதும் டோக்கனை விற்று ஷார்ட்டை மூடிவிடுவார். அவர் விற்கும்போது ஷார்ட்டைத் திரும்ப வாங்கவும் செய்கிறார் என்பதால், அன்றைய விற்பனை அழுத்தத்தில் ஒரு பகுதி தானாகவே அடைபட்டுவிடுகிறது.

"வரத்து கூடினால் விலை இறங்கத்தானே வேண்டும்?"

இது நியாயமான ஆட்சேபம். நீண்ட காலத்தில் வரத்து கூடுவது விலையை அழுத்துகிறது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நிகழ்வு வணிகம் நீண்ட காலத்தைப் பற்றியதல்ல. சில நாட்களைப் பற்றியது. அந்தச் சில நாட்களில் விலையைத் தீர்மானிப்பது புதிய வரத்து மட்டுமல்ல, ஏற்கெனவே ஷார்ட்டில் நிற்பவர்களின் கூட்டமும்தான். 2024 அக்டோபர் இறுதியில் செலஸ்டியாவின் TIA டோக்கனில் சுமார் 17.5 கோடி விடுபட்டது. புழக்கத்தோடு ஒப்பிட்டால் ஆர்பிட்ரத்துக்கு இணையான விகிதம். அதற்கு முன்பே ஷார்ட் பக்கம் கூட்டம் நிரம்பியிருந்தது. அடுத்த வாரங்களில், அமெரிக்கத் தேர்தலுக்குப் பிந்தைய ஏற்றத்தோடு சேர்ந்து, விலை மேலே போனது. வரத்துக் கணக்கு தப்பில்லை. அது ஏற்கெனவே விலைக்குள் வந்திருந்தது.

கூட்டம் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும் எண் ஃபண்டிங் ரேட். பல எக்ஸ்சேஞ்சுகளில் இது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இந்திய நேரப்படி காலை 5:30, பகல் 1:30, இரவு 9:30க்குக் கைமாறும். எண் எதிர்மறையாக இருந்தால் ஷார்ட்டில் இருப்பவர் லாங்கில் இருப்பவருக்குப் பணம் தருகிறார். அது ஒவ்வொரு முறையும் 0.1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 0.3, ஏழு நாளைக்கு 2.1 சதவீதம் உங்கள் பொசிஷன் மதிப்பிலிருந்து போய்விடும். 10 சதவீத இறக்கத்தை எதிர்பார்த்து ஷார்ட் எடுத்தவருக்கு, எதிர்பார்த்தது அப்படியே நடந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு லாபம் வாடகையாகக் கரைகிறது. ஃபண்டிங் இந்த அளவுக்கு எதிர்மறையாகிவிட்டால் அந்த ஷார்ட்டை விட்டுவிடுவதே என் பரிந்துரை.

"ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறேனே"

மிகப் பரவலான தவறு இங்கேதான் இருக்கிறது. ஸ்டாப் லாஸ் என்பது விலைக்கான உத்தரவாதம் அல்ல. குறித்த விலை தொட்டதும் ஒரு மார்க்கெட் ஆர்டரைச் சந்தைக்கு அனுப்பும் ஏற்பாடு மட்டுமே. அந்த ஆர்டர் எங்கே நிறைவேறும் என்பதை ஆர்டர் புக் முடிவு செய்யும். ஸ்டாப் லிமிட் போட்டால் மோசமான விலையில் விற்காது என்பது உண்மை. ஆனால் விலை லிமிட்டைத் தாண்டிப் பறந்துவிட்டால் ஆர்டர் நிறைவேறாமலே நிற்கும், பொசிஷன் திறந்தபடியே இருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மோசமான விலையா, முடிவில்லாத நட்டமா என்று தேர்ந்தெடுப்பதுதான். லெவரேஜ் பொசிஷனில் முதலாவதை ஏற்பதே பாதுகாப்பு.

2025 மார்ச் தொடக்கம் இதற்குத் தெளிவான சாட்சி. மார்ச் 1இல், திவாலான எஃப்டிஎக்ஸ் நிறுவனத்தின் சொத்திலிருந்து ஏலத்தில் விற்கப்பட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட SOL டோக்கன்கள் விடுபட்டன. குறைந்த விலையில் வாங்கியவர்கள் விற்பார்கள் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்க அதிபர் டிரம்ப் கிரிப்டோ இருப்புத் திட்டத்தில் SOLஐயும் பெயர் சொல்லிப் பதிவிட்டார். SOL சில மணி நேரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அடுத்த இரண்டு நாட்களில் அந்த ஏற்றம் முழுவதும் கரைந்தது. அன்லாக் ஷார்ட் எடுத்தவரின் கருத்து கடைசியில் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் 20 சதவீதத்தைத் தாங்காத அளவில் நின்றவர் அதற்குள் வெளியே தள்ளப்பட்டிருப்பார்.

அளவைக் கணக்கிடும் வரிசை

4. *ஒரு நிகழ்வில் இழக்கச் சம்மதிக்கும் தொகையை முதலில் எழுதுங்கள்.* கணக்கில் 2,000 டாலர் இருப்பதாகக் கொள்வோம். அதில் 2 சதவீதம், அதாவது 40 டாலர், இந்த நிகழ்வுக்கு. இந்த எண் எழுதப்படாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது.

5. *கேப் விகிதத்தை டோக்கனின் சரித்திரத்திலிருந்து எடுங்கள்.* கடந்த ஓராண்டின் ஒரு மணி நேர சார்ட்டில் மிகப் பெரிய ஏற்றத்தையும் மிகப் பெரிய இறக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஷார்ட் என்றால் ஏற்றம், லாங் என்றால் இறக்கம். சரித்திரம் அமைதியாக இருந்தாலும், ஈதருக்கு 15 சதவீதத்துக்கும் மற்ற டோக்கன்களுக்கு 25 சதவீதத்துக்கும் கீழே போக வேண்டாம் என்பது நான் முன்வைக்கும் எல்லை. இது கணித விதியல்ல. 2025 அக்டோபர் 10 இரவு ஈதரே சில மணி நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்ததையும், சிறிய டோக்கன்கள் பல அதைவிடப் பலமடங்கு விழுந்ததையும் பார்க்கும்போது, இது தாராளமான எல்லை அல்ல.

6. *அளவைக் கணக்கிடுங்கள்.* 2.00 டாலரில் ARB ஷார்ட், கேப் 25 சதவீதம்:

```
அளவு = சம்மதித்த நட்டம் ÷ (நுழைவு விலை × கேப் விகிதம்)
40 ÷ (2.00 × 0.25) = 80 ARB  →  160 டாலர் பொசிஷன்
```

வழக்கமான முறையில் இதையே எப்படிச் செய்வார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2.10இல் ஸ்டாப் லாஸ் என்பதால் ஒரு டோக்கனுக்கு 10 சென்ட் அபாயம், 40ஐ 0.10ஆல் வகுத்தால் 400 ARB, 800 டாலர் பொசிஷன். சாதாரண நாளில் இதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் விலை 2.10இல் நிற்காமல் 2.50க்குப் பாய்ந்தால் நட்டம் 200 டாலர். அதாவது சம்மதித்ததைப்போல் ஐந்து மடங்கு, கணக்கில் பத்தில் ஒரு பங்கு. இந்த ஐந்து மடங்கு வித்தியாசத்தைப் பெரும்பாலானவர்கள் நிகழ்வு முடிந்த பிறகுதான் பார்க்கிறார்கள்.

7. *லிக்விடேஷன் விலையை கேப்புக்கு வெளியே தள்ளுங்கள்.* அதே 80 ARB ஷார்ட்டுக்கு ஐசொலேட்டட் மார்ஜினில் ஐந்து மடங்கு லெவரேஜ் வைத்தால் மார்ஜின் 32 டாலர். ஒரு டோக்கனுக்கு 40 சென்ட் நட்டம் வந்தாலே அது தீர்ந்துவிடும், 2.40க்கு முன்பே லிக்விடேஷன். நாம் தாங்கத் திட்டமிட்ட 2.50 அதற்கு அப்பால் இருக்கிறது. இரண்டு மடங்கு என்றால் மார்ஜின் 80 டாலர், லிக்விடேஷன் 3.00க்குச் சற்றுக் கீழே போய்விடும். லெவரேஜ் எத்தனை மடங்கு என்பது ஆசையின் கேள்வி அல்ல. லிக்விடேஷன் விலை கேப்புக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்ற கேள்வி.

8. *புக்கின் ஆழத்தைப் பாருங்கள்.* காயின்கெக்கோவில் டோக்கன் பக்கத்தின் சந்தைப் பட்டியலில் `+2% Depth`, `-2% Depth` என்ற இரண்டு நெடுவரிசைகள் இருக்கும். விலையை 2 சதவீதம் நகர்த்த எவ்வளவு பணம் போதும் என்பதை அவை காட்டும். உங்கள் பொசிஷன் அதில் நூறில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். நிகழ்வுக்கு முந்தைய நாளும் அதே எண்ணைப் பாருங்கள். பாதியாகக் குறைந்திருந்தால் பொசிஷனையும் பாதியாக்குங்கள்.

> குறிப்பு: ஸ்டாப் லாஸ் போடும்போது `Mark Price` என்பதைத் தூண்டுவிலையாகத் தேர்ந்தெடுங்கள். ஒரே எக்ஸ்சேஞ்சில் நடக்கும் ஒற்றைக் குத்து அதை அவ்வளவு எளிதில் தூண்டாது. `Reduce-Only` பெட்டியையும் குறியிடுங்கள். இல்லையென்றால் மூடவேண்டிய ஆர்டர் சிலவேளை எதிர்ப்பக்கத்தில் புதிய பொசிஷனைத் திறந்துவிடும்.

இவ்வளவு சிறிய அளவில் வணிகம் செய்து என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். 160 டாலர் பொசிஷனில் 10 சதவீத இறக்கம் 16 டாலர்தான். உண்மை. 800 டாலர் பொசிஷன் 80 டாலர் தந்திருக்கும் என்பதும் உண்மை. ஆனால் மேலே பார்த்த வழக்குகளில் பாதிக்குப் பாதி எதிர்ப்பக்கம் போயின என்பதையும், எதிர்ப்பக்கம் போகும்போது நட்டம் ஸ்டாப்பில் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த 80 டாலர் என்பது 200 டாலர் அபாயத்துக்குக் கிடைத்த கூலி. கணக்கு உங்களுக்குப் போதவில்லையென்றால் அந்த நிகழ்வைத் தவிர்ப்பதுதான் விடை, அளவைக் கூட்டுவதல்ல.

நட்டத்தை முன்கூட்டியே முழுவதுமாக அடைக்க ஒரு வழி உண்டு: ஆப்ஷன் வாங்குவது. ஈதர் அப்கிரேடில் புட் வாங்கினால், கேப் எவ்வளவு பெரிதானாலும் நட்டம் செலுத்திய பிரீமியத்தோடு நிற்கும். ஆனால் நிகழ்வு நெருங்க நெருங்கப் பிரீமியம் வீங்கும். நிகழ்வு முடிந்ததும் திசை சரியாக இருந்தாலும் சுருங்கும். அத்துடன் அன்லாக் உள்ள பெரும்பாலான டோக்கன்களுக்கு நம்பத்தகுந்த ஆப்ஷன் சந்தையே இல்லை. எனவே இது ஈதருக்கும் பிட்காயினுக்குமான கருவி, ARBக்கு அல்ல.

அப்கிரேடு நேரத்தில் செய்ய வேண்டியவை

9. *சோதனை நெட்வொர்க்குகளைப் பாருங்கள்.* அப்கிரேடு பிரதான நெட்வொர்க்குக்கு வருமுன் சோதனை நெட்வொர்க்குகளில் ஓட்டப்படும். 2025 பிப்ரவரி 24இல் பெக்ட்ராவை ஹோல்ஸ்கி சோதனை நெட்வொர்க்கில் இயக்கியபோது அது இறுதிநிலை எட்டாமல் இரண்டு வாரம் தடுமாறியது. ஹூடி என்ற புதிய சோதனை நெட்வொர்க்கை உருவாக்கி மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. பிரதான நெட்வொர்க்கின் தேதியும் தள்ளிப்போனது. தேதியை நம்பி ஃபியூச்சர்ஸ் அல்லது ஆப்ஷன் வாங்குபவர், கடைசிச் சோதனை நெட்வொர்க் நல்லபடி முடியும் வரை காத்திருப்பது நல்லது.

10. *நேரத்தை எபாக் எண்ணாகக் குறித்துக்கொள்ளுங்கள்.* எத்தீரிய அப்கிரேடு ஒரு எபாக் எண்ணில் தொடங்கும். டென்கனுக்கு அது 269568. இந்திய நேரப்படி மாலை 7:25. ஒரு எபாக் 6.4 நிமிடம். இரண்டு எபாக், அதாவது சுமார் 13 நிமிடம், கடந்து இறுதிநிலை எட்டினால் முதல் கண்டம் தாண்டியது. `beaconcha.in` தளத்தில் எபாக் எண்ணும் இறுதிநிலையும் நேரலையாகத் தெரியும். அரைமணி ஆகியும் இறுதிநிலை எட்டவில்லையென்றால் அதுவே வெளியேறுவதற்கான அடையாளம். விளக்கம் வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

11. *பணத்தை முன்பே சரியான இடத்தில் வையுங்கள்.* அப்கிரேடுக்குச் சற்று முன்பு பல எக்ஸ்சேஞ்சுகள் அந்த நெட்வொர்க்கில் டெபாசிட்டையும் வித்ட்ராவலையும் நிறுத்துகின்றன. வணிகம் மட்டும் நடக்கும். இதற்கு இரண்டு விளைவுகள். மார்ஜின் குறையும்போது அதே நெட்வொர்க் வழியாகப் பணம் அனுப்ப முடியாது. மேலும் எக்ஸ்சேஞ்சுகளுக்கிடையே டோக்கன் நகராததால் விலை வித்தியாசத்தைச் சமன் செய்பவர்கள் கையைக் கட்டி நிற்கிறார்கள். புக் மெலிந்து கேப் பெரிதாகிறது. தேவைப்படக்கூடிய மார்ஜினை முந்தின நாளே கணக்கில் வைத்துவிடுங்கள். மீதியை எக்ஸ்சேஞ்சில் விடாதீர்கள்.

12. *ஹெட்ஜும் உடையும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்.* ஸ்பாட்டில் டோக்கன் வைத்து அதற்கு ஈடாகப் பெர்பெச்சுவலில் ஷார்ட் எடுத்தால் கேப் பாதிக்காது என்று தோன்றும். பெரும்பாலும் அது உண்மை. ஆனால் மிகக் கடுமையான சரிவில், லிக்விடேட் ஆனவர்களின் நட்டத்தை எக்ஸ்சேஞ்சின் காப்பு நிதியால் ஈடுகட்ட முடியாதபோது, லாபத்தில் இருக்கும் ஷார்ட்டுகளை எக்ஸ்சேஞ்சே மூடிவிடும். ஆட்டோ டெலிவரேஜிங் என்பது இதன் பெயர். 2025 அக்டோபர் 10இல் இது பெரிய அளவில் நடந்தது. ஷார்ட் போய்விட்டால் கையில் மிஞ்சுவது விழுந்துகொண்டிருக்கும் ஸ்பாட் டோக்கன். ஆகவே இருபுறம் வைத்திருந்தாலும் ஸ்பாட் பக்கத்தை லெவரேஜ் இல்லாமல் வையுங்கள்.

> குறிப்பு: இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒரு டோக்கனின் நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கப்படும். ஸ்பாட்டில் ஒரு நிகழ்வில் 10,000 ரூபாய் லாபம், அடுத்ததில் 10,000 ரூபாய் நட்டம் என்றால் கையில் மிச்சம் பூஜ்யம்; வரி மட்டும் செஸ்ஸோடு 3,120 ரூபாய். அடிக்கடி நுழைந்து வெளியேறும் வணிகத்தில் இதைச் சேர்க்காமல் லாபம் பார்க்க வேண்டாம்.

நிகழ்வு முடிந்த பின்

13. *மிஞ்சிய ஆர்டர்களை அழித்துவிடுங்கள்.* பொசிஷன் மூடப்பட்ட பிறகும் புக்கில் கிடக்கும் பழைய ஸ்டாப், சில நாள் கழித்துத் தானாக வேலை செய்து வேண்டாத பொசிஷனைத் திறக்கும்.

14. *நேர எல்லை வையுங்கள்.* நிகழ்வுக்காக எடுத்த பொசிஷனுக்கு நிகழ்வு முடிந்த இரண்டு, மூன்று நாளுக்குமேல் வாழ்வு இல்லை. அதற்குப் பிறகும் வைத்திருந்தால் அது வேறு வணிகம். வேறு காரணம் வேண்டும்.

15. *அடுத்த அன்லாக்கும் நிகழ்வுதானா என்று கேளுங்கள்.* ஆர்பிட்ரத்தில் 2024 மார்ச்சுக்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் 16ஆம் தேதி சுமார் 9.26 கோடி ARB விடுபடுகிறது. 2027 மார்ச் வரை அட்டவணை இருக்கிறது. முதல் அன்லாக் புழக்கத்தை 87 சதவீதம் கூட்டியது. அதற்கு அடுத்த மாத அன்லாக் கூட்டியது 4 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. புழக்கம் வளர வளர அந்த விகிதம் மேலும் சுருங்குகிறது. அட்டவணைத் தளங்கள் இரண்டையும் ஒரே வடிவில்தான் காட்டும். மாதாந்திர 16ஐ ஷார்ட் அடிப்பதற்கான நாளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அந்த டோக்கன் மேல் எப்போதும் இருக்கும் வரத்து அழுத்தம். லாங் எடுக்கும்போது கணக்கில் சேர்க்க வேண்டியது. தனியாக நாள் குறித்து வணிகம் செய்ய வேண்டியதல்ல.